சம்பளச் சீட்டில் பிஎஃப் 12க்குப் பதில் 10 சதவீதம்: கண்டுபிடிப்பதும் நிலுவையோடு கேட்பதும்

2024 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தங்கை மகள் தன் சம்பளச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு குன்னூரில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வங்கியில் கடன் கேட்டிருக்கிறாள். மூன்று மாதச் சீட்டு வேண்டும் என்றார்களாம். ஜெராக்ஸ் கடையில், கூட வந்த, வேறு இடத்தில் வேலை செய்யும் தோழியின் சீட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் அவளுக்கு ஒரு சந்தேகம்.

"மாமா, எங்க ரெண்டு பேருக்கும் ஒரே பேசிக்தான். அவளுக்கு பிஎஃப் 1,560 பிடிக்கிறாங்க. எனக்கு 1,300தான். அப்போ மாசம் 260 எனக்கு லாபம்தானே?"

லாபம் இல்லை. பிடித்தம் குறைந்தால் கையில் வரும் காசு கூடும் என்பது உண்மைதான். ஆனால் நம்மிடம் எவ்வளவு பிடிக்கிறார்களோ, அதே அளவு முதலாளியும் தன் பையிலிருந்து போட வேண்டும். நம் பக்கம் 260 குறைந்தால் அவர் பக்கமும் 260 குறைகிறது. நம்முடைய 260 எப்படியும் நம் கைக்கு வந்துவிட்டது. அவருடைய 260தான் வராமலே போகிறது, அதன் மேல் வரவேண்டிய வட்டியும் சேர்ந்து. 2023-24இல் பிஎஃப் வட்டி 8.25 சதவீதம்.

நான் தேயிலைத் தோட்ட ஆபீஸில் பல வருடம் செக்ரோல் என்னும் சம்பளப் பதிவேடு எழுதியவன். இந்த மாதிரிச் சந்தேகத்தோடு வருபவர்களிடம் முதலில் சீட்டைத்தான் கேட்பேன். விகிதம் தப்பு என்று சொல்வதற்கு முன்னால் அது நிஜமாகவே தப்பா என்று பார்த்தாக வேண்டும். பாதி சந்தேகங்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

கணக்கு ஒரு வரிதான். சீட்டில் அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டுங்கள். பிஎஃப் பிடித்தத்தை அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்து நூறால் பெருக்குங்கள். வீட்டு வாடகைப் படியைச் சேர்க்கக் கூடாது. தங்கை மகளுக்கு அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்து 13,000.

```
1300 / 13000 x 100 = 10
1560 / 13000 x 100 = 12
```

இதில் மூன்று இடத்தில் கால் தடுக்கும். ஒன்று, சம்பளமில்லா விடுப்பு. பல சீட்டுகளில் முழு மாதச் சம்பளம் ஒரு பத்தியிலும், அந்த மாதம் உண்மையில் ஈட்டியது அடுத்த பத்தியிலும் இருக்கும். பிஎஃப் ஈட்டிய தொகைக்குத்தான். 2024 ஏப்ரலில் இவள் ஐந்து நாள் சம்பளமில்லா விடுப்பு எடுத்திருந்தாள். அந்த மாதம் ஈட்டியது 10,833, பிடித்தம் 1,083. முழுச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் எட்டேகால் சதவீதம் போலத் தெரியும். சரியான பத்தியோடு ஒப்பிட்டால் மற்ற மாதங்களைப் போல அதே பத்துதான்.

இரண்டாவது, 15,000 என்னும் உச்சவரம்பு. அடிப்படைச் சம்பளம் 22,000 இருக்கும் ஒருவருக்கு 1,800 மட்டும் பிடித்தால் அது எட்டு சதவீதம்தான் வரும். ஆனால் தப்பில்லை. 15,000க்கு 12 சதவீதம் 1,800. அதற்கு மேல் உள்ள சம்பளத்துக்கும் கட்ட வேண்டும் என்று நிறுவனத்தைச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. உங்கள் சீட்டில் 1,800 என்ற எண் மாதாமாதம் அசையாமல் நின்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். சண்டைக்குப் போக வேண்டாம்.

மூன்றாவது நேர்மாறானது. 24 சதவீதம் பிடித்திருப்பார்கள். முதலாளியின் பங்கையும் தொழிலாளியின் சம்பளத்திலிருந்தே எடுப்பது அது. எந்தச் சூழ்நிலையிலும் அனுமதி கிடையாது. இதைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம், இங்கே விட்டுவிடுகிறேன்.

சீட்டு மட்டும் போதாது, பாஸ்புக்கையும் பார்க்க வேண்டும். சீட்டு அவர்கள் நமக்குச் சொல்வது, பாஸ்புக் அவர்கள் நிஜத்தில் கட்டியது. `passbook.epfindia.gov.in` தளத்தில் பிஎஃப் உறுப்பினரின் நிரந்தர எண்ணான யூஏஎன்னும் கடவுச்சொல்லும் கொடுத்தால் மாத வாரியாக வரும். இணையம் சரியாகக் கிடைக்காத இடமென்றால், பதிவு செய்த கைபேசியிலிருந்து `EPFOHO UAN TAM` என்று 7738299899 எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் கடைசியாகக் கட்டிய தொகையும் இருப்பும் தமிழில் வரும். விகிதத்தைச் சரிபார்க்க மாத வாரிக் கணக்கு வேண்டும் என்பதால் பாஸ்புக்தான் நல்லது.

பாஸ்புக்கில் மூன்று தொகை இருக்கும்: தொழிலாளி பங்கு, முதலாளி பங்கு, ஓய்வூதியப் பங்கு. இவளுடையதில் 1,300, 217, 1,083 என்று இருந்தது. 217ஐப் பார்த்துப் பதறிவிட்டாள், "முதலாளி வெறும் 217தான் போடுறாரா!" என்று. அப்படியில்லை. முதலாளியின் பங்கிலிருந்து முதலில் சம்பளத்தின் 8.33 சதவீதம் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடும். 13,000க்கு அது 1,083. மிச்சம்தான் பிஎஃப் கணக்கில் விழும். 1,300இல் 1,083 போனால் 217. விகிதம் 12ஆக இருந்திருந்தால் 1,560இல் அதே 1,083 போக 477 விழுந்திருக்கும்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். விகிதம் பத்தானாலும் பன்னிரண்டானாலும் ஓய்வூதியப் பங்கு மாறாது. முழு அடியும் முதலாளி பங்கு என்ற பத்தியில்தான் விழுகிறது, 477 இருக்க வேண்டிய இடத்தில் 217. பாதிக்கும் கீழே. ஆகவே சீட்டு தொலைந்துபோனவர்கள்கூட, முதலாளி பங்கையும் ஓய்வூதியப் பங்கையும் கூட்டினால் தொழிலாளி பங்குக்குச் சமமாக வருகிறதா, அது பாஸ்புக்கில் காட்டியிருக்கும் சம்பளத்தில் எத்தனை சதவீதம் என்று பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம்.

சரி, பத்து சதவீதம் என்றாலே தப்பா? அப்படிச் சொல்லிவிட முடியாது. பொது விகிதம் 12தான், 1997 முதல். ஆனால் சில நிறுவனங்களுக்கு 10 சதவீதம் கட்டினால் போதும் என்று சலுகை உண்டு. இருபது பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடம், பீடி, செங்கல், சணல் போன்ற சில தொழில்கள், சொத்து மதிப்பையே விழுங்கும் அளவு நஷ்டத்தில் இருக்கும் நிறுவனங்கள், இவை அதில் வரும். கோவிட் காலத்தில் 2020 மே, ஜூன், ஜூலை மாதச் சம்பளத்துக்கு மட்டும் ஏறக்குறைய எல்லாருக்குமே 10 ஆக்கினார்கள். ஆகஸ்டில் திரும்ப 12. சம்பள மென்பொருளில் அந்த 10ஐ மாற்ற மறந்தால் பின்னால் சேர்ந்தவர்களுக்கும் அதே விகிதம்தான் ஓடும். உங்கள் பிடித்தம் 2020 மே மாதத்திலிருந்துதான் குறைந்திருக்கிறது என்றால் இந்தக் கோணத்தில் யோசியுங்கள்.

தங்கை மகள் வேலை செய்வது வர்க்கி போடும் ஒரு பேக்கரியில், கணக்கெழுதும் பிரிவில். குன்னூரில் அடுப்பும் அலுவலகமும், பன்னிரண்டு பேர். ஊட்டியில் ஒரு கடை, ஐந்து பேர். கோத்தகிரியில் 2022இல் திறந்த இன்னொரு கடை, நான்கு பேர். இவள் 2023 ஜூனில் சேர்ந்தாள். சீனியர் அக்கவுண்டன்ட்டிடம் கேட்டபோது வந்த பதில்: "இங்க பன்னெண்டு பேர்தானேம்மா? இருபதுக்குக் கீழ பத்து சதவீதம்தான்."

பதில் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. தப்பு "இங்க" என்ற சொல்லில் இருக்கிறது. ஒரே நிறுவனத்தின் கிளைகள் எங்கே இருந்தாலும் அவை சேர்ந்து ஒரே நிறுவனம் என்றது அப்போதிருந்த 1952ஆம் ஆண்டு பிஎஃப் சட்டத்தின் 2ஏ பிரிவு. குன்னூர் பன்னிரண்டு, ஊட்டி ஐந்து, கோத்தகிரி நான்கு, மொத்தம் இருபத்தொன்று. போதாததற்கு, சீசனில் காண்ட்ராக்டர் மூலம் பேக்கிங் வேலைக்கு வருபவர்களையும் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும். நிறுவனத்தின் வேலையைச் செய்பவர் யார் மூலம் வந்தாலும் சட்டத்தின் பார்வையில் ஊழியர்தான். மலையில் பல தொழில்கள் இப்படித்தான் சின்னச் சின்னக் கடைகளாகப் பிரிந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றையும் தனியாக எண்ணினால் யாருமே இருபதைத் தொட மாட்டார்கள்.

ஆள் எண்ணிக்கையை நாம் எப்படி நிரூபிப்பது? வருகைப் பதிவேட்டைப் படம் எடுக்கவெல்லாம் வேண்டாம். `epfindia.gov.in` தளத்தில் `Establishment Search` என்று ஒரு வசதி உண்டு. நிறுவனத்தின் குறியீட்டு எண்ணைப் போட்டால், எந்த மாதத்துக்கு எத்தனை பேருக்குப் பணம் கட்டினார்கள் என்று வரிசையாகக் காட்டும். குறியீட்டு எண்ணை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. உங்கள் பிஎஃப் உறுப்பினர் எண்ணின் முன்பாதியே அதுதான். கோயம்புத்தூர் அலுவலகத்துக் கணக்கென்றால் `CBCBE` என்று தொடங்கும். இவள் பார்த்தபோது 2023 ஜூன் மாதத்துக்கே 21 பேர் என்று இருந்தது. மூன்று இடத்து ஆட்களுக்கும் ஒரே எண்ணில், அவர்களே கட்டியிருக்கிறார்கள். இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

இவள் சேர்ந்த மாதத்திலேயே இருபது தாண்டியிருந்ததால் நிலுவை முதல் மாதத்திலிருந்தே வரும். நடுவில் ஒரு மாதம்தான் தாண்டியது என்றால் அந்த மாதத்திலிருந்துதான் கேட்கலாம். ஆசைக்கு முன்தேதி போட்டால் மனுவின் மதிப்பே போய்விடும்.

2023 ஜூன் முதல் 2024 நவம்பர் வரை 18 மாதம். பதினேழு மாதம் முழுச் சம்பளம், வித்தியாசம் 260 வீதம். ஏப்ரலில் மட்டும் 10,833க்கு 12 சதவீதம் 1,300, கட்டியது 1,083, வித்தியாசம் 217.

```
17 x 260 = 4420
4420 + 217 = 4637
4637 x 2 = 9274
```

இரண்டால் பெருக்கியது இரண்டு பங்குக்கும் சேர்த்து. மொத்தமாக 18 மாதம் 260 என்று போட்டு 4,680 கேட்டிருந்தால், "ஏப்ரலில் லீவு போட்டதே தெரியலையா?" என்று அந்த ஒரு தவறைப் பிடித்துக்கொண்டே மனுவைத் தள்ளியிருப்பார்கள். மாதம், சம்பளம், கட்ட வேண்டியது, கட்டியது, வித்தியாசம் என்று ஒரு தாளில் பதினெட்டு வரி எழுதச் சொன்னேன். கடிதம் சின்னதாக இருந்தால் போதும்:

"நான் 2023 ஜூன் முதல் தங்கள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். என் வருங்கால வைப்பு நிதிப் பங்கு 10 சதவீதமாகக் கணக்கிடப்பட்டு வருகிறது. குன்னூர், ஊட்டி, கோத்தகிரி ஆகிய மூன்று இடங்களையும் சேர்த்து 2023 ஜூன் மாதத்திலேயே 21 உறுப்பினர்களுக்கு நிதி செலுத்தப்பட்டுள்ளதால் 12 சதவீதமே பொருந்தும். 2024 டிசம்பர் மாதச் சம்பளம் முதல் விகிதத்தைத் திருத்தவும், 2023 ஜூன் முதல் 2024 நவம்பர் வரையிலான நிலுவையை இரு பங்குக்கும் சேர்த்து என் கணக்கில் செலுத்தவும் கேட்டுக்கொள்கிறேன். மாதவாரிக் கணக்கு இணைக்கப்பட்டுள்ளது. 10 சதவீதம் பொருந்தும் என்று தாங்கள் கருதினால் அதற்கான காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்கவும்."

கடைசி வாக்கியத்தை நான் வேண்டுமென்றேதான் சேர்க்கச் சொன்னேன். வாயால் ஆயிரம் காரணம் சொல்லலாம், எழுத்தில் கேட்டால் யோசிப்பார்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு சீலும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். சீல் போட மறுத்தால் தபால் நிலையத்தில் ஸ்பீடு போஸ்ட் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். டிசம்பர் 16ஆம் தேதி கொடுத்தாள், சீல் போட்டுத் தந்தார்கள்.

டிசம்பர் மாதச் சீட்டில் 1,560 என்று விகிதம் சரியாக வந்தது. அதற்குக் கீழே "பிஎஃப் நிலுவை 2,319" என்று ஒரு புது வரி. 4,637ஐ இரண்டு தவணையாக அவள் சம்பளத்திலிருந்து பிடிக்கத் தொடங்கியிருந்தார்கள். "உன் பங்கு உன்கிட்டதானே பிடிக்கணும்?" என்றாராம் அக்கவுண்டன்ட்.

பலருக்கும் தெரியாத விதி இங்கேதான் இருக்கிறது. பிஎஃப் திட்டத்தின் 32ஆம் பத்தி, தொழிலாளியின் பங்கை எந்த மாதத்துக்கு உரியதோ அந்த மாதச் சம்பளத்திலிருந்து மட்டுமே பிடிக்கலாம் என்கிறது. அந்த மாதம் பிடிக்க விட்டுவிட்டால், பிறகு வரும் சம்பளத்தில் கை வைக்க முடியாது. ஆனால் நிதி அலுவலகத்துக்கு இரண்டு பங்கையும் கட்டும் பொறுப்பு முதலாளியுடையது. ஆக, விட்டுப்போன தொழிலாளி பங்கும் அவர் தலையில்தான்.

விதிவிலக்கும் உண்டு, மறைக்கக் கூடாது. கவனக்குறைவாலோ எழுத்துப் பிழையாலோ பிடிக்க விட்டுப்போயிருந்தால், பிஎஃப் ஆய்வாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதத்தோடு பிறகு பிடிக்கலாம். வேலையில் சேரும்போது "நான் ஏற்கெனவே உறுப்பினர் இல்லை" என்று தொழிலாளியே பொய் எழுதிக் கொடுத்திருந்தாலும் பிடிக்கலாம். இங்கே எதுவும் இல்லை. பதினெட்டு மாதமாகத் தெரிந்தே வைத்த விகிதத்தை எழுத்துப் பிழை என்று சொல்வதும் சிரமம். அப்படியே சொன்னாலும் சம்மதக் கடிதத்தைக் காட்ட வேண்டும். ஆகவே இப்படி ஒரு வரி உங்கள் சீட்டில் முளைத்தால் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "ஆய்வாளர் சம்மதக் கடிதம் இருக்கிறதா?"

இல்லை என்று பதில் வந்தும் பிடித்தம் நிற்கவில்லை என்றால் அடுத்த படி பிஎஃப் அலுவலகம். `epfigms.gov.in` தளத்தில் யூஏஎன் எண்ணோடு புகார் பதியலாம். கடிதத்தின் சீல் போட்ட பிரதி, கணக்குத் தாள், சீட்டு, பாஸ்புக் பக்கம் எல்லாவற்றையும் பிடிஎஃப்பாக இணைக்க வேண்டும். பதிவெண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், நினைவூட்ட அதுதான் வேண்டும். புகாரில் உங்கள் பெயர் இருக்கும் என்பதால் தயங்குபவர்கள் உண்டு. அப்படியென்றால் சேர்ந்து ஐந்தாறு பேர் கையெழுத்துப் போடுங்கள். விகிதம் தப்பென்றால் அது ஒருவருக்கு மட்டும் தப்பாக இருக்கப்போவதில்லை.

இவள் இணையப் புகாருக்குப் பதில் நேரில் போனாள். 2023 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு மாதமும் 27ஆம் தேதி பிஎஃப் நிறுவனம் மாவட்டம்தோறும் குறைகேட்பு முகாம் நடத்துகிறது. அன்று விடுமுறையென்றால் அடுத்த வேலை நாள். கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறி ஒரு நாள் சம்பளத்தை விட வேண்டிய வேலை இதனால் மிச்சம். 2025 ஜனவரி 27 அன்று நீலகிரி முகாமில் மனு கொடுத்தாள். அங்கிருந்த அதிகாரி கணக்குத் தாளை மட்டும் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, நிறுவனத்துக்குக் கடிதம் போகும் என்றாராம்.

அதற்கும் நிறுவனம் அசையவில்லை என்றால், அப்போதிருந்த சட்டத்தின் 7ஏ பிரிவில் விசாரணை நடத்தி, கட்ட வேண்டிய தொகையை அதிகாரியே நிர்ணயிப்பார். தாமதத்துக்கு 7க்யூ பிரிவில் ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும், 14பி பிரிவில் அபராதமும் முதலாளிக்கு விழும். அவை நம் கைக்கு வரும் பணம் அல்ல, ஆனால் இழுத்தடித்தால் செலவு கூடும் என்று அவருக்குத் தெரியும். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டதால் இந்தப் பிரிவு எண்கள் இனி வேறாக இருக்கும். மனுவில் எண் எழுதித்தான் ஆக வேண்டும் என்றில்லை. எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்பது தெளிவாக இருக்க வேண்டும்.

விசாரணை வரை போகவில்லை. பேக்கரியின் ஆடிட்டர் அக்கவுண்டன்ட்டைக் கூப்பிட்டு ஏதோ சொல்லியிருக்கிறார். டிசம்பரில் பிடித்த 2,319 பிப்ரவரி சம்பளத்தில் திரும்ப வந்தது. அப்புறம் ஒரு மாலை, பாஸ்புக்கைத் திறந்து என்னிடம் நீட்டினாள். நிலுவை வரிகள் பதினெட்டு. தொழிலாளி பங்கு 260, முதலாளி பங்கு 260, ஓய்வூதியம் 0. ஓய்வூதியப் பங்கு முன்பே சரியாகப் போயிருந்ததால் அங்கே சுழியம்தான் வர வேண்டும். விரலை வைத்துக் கீழே இறக்கி 2024 ஏப்ரல் வரியைப் பார்த்தேன். 217, 217, 0.